அம்மன் துணையும் மேல் இரண்டு வரியும்

முத்தையாபுரத்தில் மிக்ஸி ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். உப்புக்காற்றில் இறுகிப்போன மிக்ஸிகளைச் சரிசெய்வதை வீடியோ எடுத்து யூடியூபில் போட்டுவந்தேன். பார்க்கத்தான் ஆளில்லை. ஜனங்களுக்கு அக்கறை கிடையாது என்று திட்டிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் என் மனைவி கடைக் கம்ப்யூட்டரில் என் வீடியோக்களைத் தேடிவிட்டுக் கூப்பிட்டாள். ‘மிக்ஸி ரிப்பேர்’ என்ற தலைப்புக்குக் கீழே, என் வீடியோ ஒவ்வொன்றிலும் ஒரே வாசகம்: ‘அம்மன் துணை. அன்பு நெஞ்சங்களுக்கு வணக்கம்.’ பில் எழுதுகிற பழக்கத்தில் வீடியோ விவரத்தையும் அப்படியே தொடங்கியிருந்தேன்.

“விவரத்துல மேல உள்ள ரெண்டு வரிதாங்க இங்கன தெரியுது. என்ன கோளாறுன்னு ஒரு வார்த்த இல்ல.”

“அதுக்காக அம்மனக் கீழ இறக்கச் சொல்லுதியா?” என்று கத்தினேன்.

“அவ கடைசி வரியில இருந்தாலும் துணைதான். தேடுதவனுக்கு மிக்ஸி சுத்தணும்லா?”

‘சுற்றாமல் இறுகிய மிக்ஸியை வீட்டிலேயே சரிசெய்யலாம்’ என்று மேலே எழுதி, அம்மனைக் கடைசிக்கு மாற்றினேன். ஆனாலும் அங்கே அவளை யார் பார்க்கப் போகிறார்கள் என்று மனசு அடித்துக்கொண்டது.

சில நாளில் வேம்பாரிலிருந்து ஒரு பெண் கமெண்ட் போட்டிருந்தார்: “தேடுன உடனே கிடைச்சுது. மிக்ஸி சுத்துது அண்ணாச்சி. எங்களுக்கும் அம்மன்தான் துணை.”

அப்பாடா, கடைசி வரிவரை படித்திருக்கிறார்.