புது மிஷின்

எங்கள் அடுத்த வீட்டு விஸ்வேஸ்வரன் மாமா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ரிடையர் ஆனவர். அக்ரஹாரத்தில் எந்த வீட்டு மோட்டார் மக்கர் பண்ணினாலும் கூப்பிடாமலே ஸ்பானரோடு வந்து நிற்பார். வேண்டாமென்றால் கோபித்துக்கொள்வார். அந்த மனுஷன் ஒரு வருஷத்துக்கு முன்னால் பால்காரர் பெயரை மறந்தார், பிறகு கோயிலிலிருந்து வீட்டுக்கு வரும் வழியை மறந்தார். "வயசாச்சோன்னோ" என்று அவர் மனைவி அன்னபூர்ணி மாமி சமாளித்தாள். பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் மாதவிடம் மூச்சு விடவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. அவள் முகத்தைப் பார்த்தால் கேட்க வாய் வராது.

இருவரையும் மாதவ் தன்னோடு அழைத்துப்போக வந்தான். வாஷிங் மிஷினைக் கழற்றி லாரியில் ஏற்றத் தயார்செய்ய மெக்கானிக்கைக் கூப்பிடலாம் என்றான்.

"அப்பாவே பண்ணட்டும்டா" என்றாள் மாமி. பிறகு என்னைத் தனியாக இழுத்து, "இதை ஒழுங்கா பண்ணிட்டார்னா அவருக்கு ஒண்ணுமில்லைடி" என்றாள்.

மாமா ஒழுங்காகவே செய்தார். பிளக்கைப் பிடுங்கினார், குழாயை மூடி ஹோஸைக் கழற்றினார். அடியில் தட்டை வைத்து ஃபில்டர் மூடியை மெதுவாகத் திருகி, தேங்கிய தண்ணீரை வடித்தார். பின்பக்கத்து பிளாஸ்டிக் மூடிகளை எடுத்துவிட்டு, மிஷின் வந்தபோது கழற்றி டப்பாவில் போட்டுவைத்திருந்த நாலு போல்ட்டுகளையும் தேடாமல் எடுத்துவந்தார். "அன்னபூர்ணி, உள்ளே கைவிட்டு டிரம்மைத் தூக்கிப் பிடி, ஓட்டை நேரா வரட்டும்." போல்ட்டுகளை முறுக்கிவிட்டு டிரம்மை ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. "இனி லாரி குலுக்கினாலும் உள்ளே ஒண்ணும் ஆகாது."

மாமி புடவைத் தலைப்பில் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அன்று ராத்திரி எனக்கும் நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

காலையில் பெங்களூர் லாரிக்காரன் தொட்டையன் வந்து, "பேக பேக ஏத்தணும்மா" என்று அவசரப்படுத்தினான். மாதவோடு நானும் பின்கட்டுக்குப் போனேன். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஹோஸ் குழாயில் மாட்டியிருந்தது. நாலு போல்ட்டுகளும் தரையில் வரிசையாகக் கிடந்தன. மூட்டை கட்டிவைத்த துணிகள் டிரம்மில் சுற்றின. பக்கத்தில் மாமா பூரித்து நின்றார்.

"என்னன்னா பண்ணேள்?" பின்னாலேயே வந்த மாமி கேட்டாள்.

"புது மிஷின் வந்திருக்கே, பார்க்கலையா? போல்ட்டை எடுக்காம போட்டா குதிச்சுண்டு ஓடும். எல்லாம் எடுத்துட்டேன்."

வேலையில் ஒரு பிசகும் இல்லை. வீட்டைக் காலி செய்வது மட்டும் அவர் நினைவில் இல்லை.

மாதவ் அருகில் போய், "அப்பா" என்றான்.

மாமா அவனை ஏற இறங்கப் பார்த்தார். "கடையிலேருந்து வந்த பையனா? கொஞ்சம் ஒதுங்கி நில்லுப்பா. எம்பிள்ளை மாதவ் காலேஜ்லேருந்து வந்துடுவான். அவனுக்குத்தான் முதல்லே காட்டணும்."

மாதவ் அம்மாவைப் பார்த்தான். மாமி தலையைக் குனிந்துகொண்டாள்.

"சரி சார்" என்று அவன் ஒதுங்கி நின்றான்.