நிற்கும்வரை

கோயமுத்தூரிலிருந்து சூலூர் போகும் ரோட்டோரம் இருந்த ஒரு பஞ்சாலையில் சென்னகேசவன் ஆபீஸ் கிளார்க். பைகாரா மின்சாரம் வந்து மில்கள் பெருகிய காலம். புது யந்திரம் வந்தால் அதை ஓட்டுவதற்கான விதிகளை இங்கிலீஷில் எழுதி, தமிழிலும் எழுதிச் சுவரில் மாட்டுவது அவர் வேலை.

1936இல் பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் யந்திரங்கள் வந்தன. யந்திரத்தை ஓட்டும் பெல்ட்டைச் சக்கரத்தைவிட்டுத் தள்ளினாலும் உள்ளேயிருக்கும் பெரிய உருளை உடனே நிற்காது. முள்கம்பி சுற்றிய அந்தக் கனம், தன் வேகத்திலேயே பல நிமிஷம் சுற்றிக்கொண்டிருக்கும். அதனால் சென்னகேசவன் முதலில் இப்படி எழுதினார்: பெல்ட்டைத் தள்ள வேண்டும், மூடியைத் திறக்குமுன் உருளை நிற்கும்வரை காத்திருக்க வேண்டும், முன்பக்கப் பஞ்சுத்தூசை ஓடும்போதே பிரஷ்ஷால் தட்டலாம். இங்கிலீஷில் முதல் இரண்டுக்கும் ‘ஷல்’, மூன்றாவதற்கு ‘மே’. முதல் இரண்டும் கட்டளை, மூன்றாவது வெறும் அனுமதி.

மேனேஜர் திருமலைசாமி இரண்டாவது வரியில் விரலை வைத்தார்.

“ஏனுங்க, ஒவ்வொரு தடவையும் நிக்கிற வரைக்கும் காத்திருந்தா நூல் எப்படிங்க வரும்? ‘ஷுட்’னு போடுங்க. காத்திருப்பது நல்லதுன்னு போடுங்க. சொன்ன மாதிரியும் இருக்கும், வேலையும் நடக்கும்.”

“‘ஷுட்’னா புத்திமதிங்க. விட்டுட்டா தப்பில்லைன்னு ஆயிரும்.”

“அதேதானுங்க வேணும்.”

சென்னகேசவன் மாற்றி எழுதினார். தமிழில், “உருளை நிற்கும்வரை காத்திருப்பது நல்லது” என்று பலகையில் ஏறியது.

ஆடி மாசத்தில் ஒரு காலை, வேலுமணி என்ற தொழிலாளி பெல்ட்டைத் தள்ளிவிட்டு, காத்திருக்காமல், சிக்கிய பஞ்சை எடுக்க மூடியைத் திறந்து கையை விட்டான். சுற்றிக்கொண்டிருந்த உருளை கையை இழுத்துக்கொண்டது. அலறல் ஆபீஸ் வரை கேட்டது. சென்னகேசவன் ஓடிப்போய்ப் பார்த்தபோது ஆளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். உருளை மட்டும், பெல்ட் இல்லாமல், ஹும்மென்று இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அந்தச் சத்தம் அவரை விடவில்லை. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தால் கேட்கும். கோவிலில் மணி அடித்து ஓய்ந்த மௌனத்தில் கேட்கும். பெண்சாதி கோமளா ஒரு நாள், “இந்த மருந்தை இப்பக் குடிச்சா நல்லதுங்க” என்று டம்ளரை நீட்ட, அவர் அதை விலக்கித் தள்ளியதில் மருந்து சிந்தியது.

“என்னங்க ஆச்சு?”

“அந்த வார்த்தையைச் சொல்லாதே, கோமளா.”

வேலுமணியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனார். வலது மணிக்கட்டுக்குக் கீழே ஒன்றுமில்லை.

“நீ ஏம்பா காத்திருக்கலே?”

“மேஸ்திரி வாசிச்சுச் சொன்னாருங்க, நல்லதுன்னுதான் போட்டிருக்குன்னு. கட்டாயம்னு எங்கீங்க இருக்குது?” வேலுமணி கோபமே இல்லாமல் சொன்னான். அதுதான் சென்னகேசவனுக்குத் தாங்கவில்லை.

வேலுமணியின் நஷ்டஈட்டு வழக்கு தொழிலாளர் நஷ்டஈட்டுக் கமிஷனர் முன் வந்தது. பாதுகாப்புக்கென்று வெளிப்படையாகப் போட்ட விதியைத் தொழிலாளி வேண்டுமென்றே மீறியிருந்தால், சாவு நேராத காயத்துக்கு மில் ஈடு தர வேண்டியதில்லை. மில்லின் வக்கீல் அந்த வழியைப் பிடித்தார். ‘ஷுட்’டும் ‘ஷல்’லும் ஒன்றுதான், விதி இருந்தது, இவன் மீறினான் என்றார்.

விசாரணைக்கு முந்தின நாள் திருமலைசாமி சென்னகேசவனைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்: “ரெண்டும் ஒண்ணுன்னு சொல்லிப்போடுங்க. உங்க உத்தியோகம் உங்க கையில.”

கமிஷனர் இங்கிலீஷ் தாளை, சாட்சியாக நின்ற சென்னகேசவனிடம் நீட்டினார். “முதல் விதியில் ஷல். இரண்டாவதில் ஷுட். ஒரே தாளில் ஏன் இரண்டு சொல்?”

அறைக்குள் உருளை சுற்றியது. வேறு யாருக்கும் அது கேட்கவில்லை.

“வேறு அர்த்தம் வேணும்னுதானுங்க வேறு சொல் போட்டது,” என்றார். “முதல்ல ஷல்னு எழுதினேன். அப்புறம் மாத்தினேன். காத்திருக்கறது கட்டாயமில்லைன்னு ஆகணும்னே மாத்தினோம்.”

“யார் மாற்றச் சொன்னது?”

அவர் திருமலைசாமியைப் பார்க்கவில்லை. “மேனேஜருங்க. எழுதினது நானுங்க.”

விதியில் கட்டளையே இல்லாதபோது மீறல் எங்கிருந்து வரும் என்று கேட்டு, கமிஷனர் வேலுமணி பக்கம் தீர்ப்புச் சொன்னார்.

மறுவாரம் சென்னகேசவனைப் பஞ்சுக் கிடங்குக்கு மாற்றினார்கள். அங்கே எழுத வேலையில்லை. மில் அவசரமாகப் புதுப் பலகை மாட்டியது. அதை எழுதியவர் வேறொருவர்: “உருளை முழுவதும் நிற்குமுன் எவரும் மூடியைத் திறக்கக் கூடாது.” காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தே உற்பத்தியைக் கணக்கிடச் சொல்லி மேஸ்திரிக்கும் உத்தரவு போனது.

சென்னகேசவன் போய் அதை வாசித்தார். ‘கூடாது’ என்ற இடத்தில் வெகுநேரம் நின்றார். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, “இத்தனை சின்னச் சொல்லுதான், கோமளா” என்றார்.

ரிடையர் ஆகும்வரை அவர் கிடங்கிலேயே இருந்தார். கார்டிங் பக்கம் யந்திரத்தை நிறுத்தும் நேரமென்றால் வெளியே எழுந்து போய்விடுவார். சத்தம் ஓயும் வரைக்கும் உள்ளே வரமாட்டார். எப்போது ஓய்கிறது என்று அவருக்கே நிச்சயமாகத் தெரியாததால், சில நாள் பொழுது சாயும்வரை வேப்பமரத்தடியில் நின்றுகொண்டே இருப்பார்.