அணைக்கவும்

எலெக்ட்ரீஷியனுக்கு அந்தத் தெருவில் 'மீட்டர்' என்று பட்டப்பெயர். அளந்துதான் பேசுவார். வயர் வெட்டினாலும் துண்டு மிஞ்சாது, வாய் திறந்தாலும் சொல் மிஞ்சாது. மனைவிக்கு மட்டும் அதில் ஒரு குறை. "கல்யாணத்துக்கு முன்னாடி உங்க ஃபோட்டோவைப் பார்த்தேன். அப்புறம் பத்து வருஷமா அதே ஃபோட்டோகூடத்தான் குடும்பம் நடத்துறேன்" என்பாள்.

வேலை குறைந்த ஒரு மாதத்தில் அவள்தான் அவரை உந்தினாள். போனில் தினம் ஒரு பாதுகாப்புக் குறிப்பைப் போட்டு, அடியில் நம்பரையும் போட்டால் நாலு பேர் கூப்பிடுவார்கள். படத்தை அவள் செய்வாள், வாசகத்தை அவர் எழுதவேண்டும். ஈரக்கையால் சுவிட்சைத் தொடாதீர்கள் என்றார், ஒரு பிளக்கில் நாலு சாதனம் சொருகாதீர்கள் என்றார். பரவாயில்லாமல் போயிற்று. மூன்றாவதாக எழுதினார்:

'யாருக்காவது ஷாக் அடித்தால் அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயின் சுவிட்சை அணைக்கவும். பிறகு எங்களை அழைக்கவும்.'

போன் நம்பருக்கு இடம் போதவில்லை. அவருக்கு வெட்டுவது கை வந்த கலை. வெட்டினார். 'யாருக்காவது ஷாக் அடித்தால் பதற வேண்டாம். முதலில் அணைக்கவும். பிறகு அழைக்கவும்.' அணைக்கவும், அழைக்கவும். காதுக்கு எவ்வளவு இதம்!

"என்னத்தை அணைக்கணும்னு சொல்ல வேணாமா?" என்றாள் மனைவி.

"மெயினைத்தான். எல்லாருக்கும் தெரியும்."

படம் போன கொஞ்ச நேரத்தில் மச்சானிடமிருந்து போன் வந்தது. மனைவியின் அண்ணன் அவர், சிரிக்க விஷயம் கிடைத்தால் விடமாட்டார். "என்ன மாப்ளே, ஷாக் அடிச்சவனைக் கட்டிப்பிடிக்கச் சொல்றீங்க. ரெண்டு பேரும் ஒண்ணாப் போய்ச் சேர்றதுக்கா? வாடிக்கையாளரே மிஞ்ச மாட்டாங்களே."

எலெக்ட்ரீஷியன் படத்தைத் திரும்பப் படித்தார். மின்சாரம் பிடித்தவரைத் தொட்டால் தொட்டவர் உடலிலும் அது பாயும். அதைத் தடுக்கத்தானே எழுத உட்கார்ந்தார்? படத்தை நீக்கினார், திருத்திப் போட்டார். ஆனால் அதற்குள் யார் யாரோ சிரிப்புக் குறியோடு அனுப்பிவிட்டார்கள். கைவிட்டுப் போன படத்தை எந்தச் சுவிட்சால் நிறுத்துவது?

அதன்பிறகு போன் அடித்தாலே அவருக்குச் சோறு இறங்கவில்லை. "எல்லாரும் சிரிச்சிட்டுத்தான் இருக்காங்க" என்று மனைவி ஆறுதல் சொன்னாள். சிரிக்காத ஒரே ஒருவர் இருந்தால் போதுமே என்று அவருக்குப் பட்டது.

ஒருநாள் காலை சலவைக் கடைக்காரம்மா கூப்பிட்டாள். "அண்ணா, உங்க படத்தைப் பார்த்தேன்ல, அந்த அணைக்கவும்... எங்க வீட்டுக்காரருக்கு நேத்து ஷாக் அடிச்சிடுச்சு."

"நீங்க... அவரைத் தொட்டீங்களா?"

"கேளுங்களேன். அந்தப் படம் வந்தப்போ இவர் என்னைச் சீண்டினார். எனக்கு ஷாக் அடிச்சா நீ என்னைக் கட்டிக்கணுமாம்டி, எலெக்ட்ரீஷியனே சொல்லிட்டார்னு. முதல்ல மெயினை அணைப்பேன், உங்களைப் பத்தி அப்புறம் யோசிக்கிறேன்னேன். நேத்து துணிக்குத் தெளிச்ச தண்ணி தரையில கிடந்தது. வெறுங்காலோட ஸ்டாண்ட் ஃபேனோட இரும்புக் கம்பியைப் பிடிச்சு நகர்த்தினார், கை விடவே இல்லை. நான் ஓடினேன். கை நீட்டிட்டேன் அண்ணா. அப்போ அந்தப் பேச்சுதான் ஞாபகம் வந்துச்சு. திரும்பி ஓடி வாசல்ல இருந்த மெயினை இறக்கிட்டேன்."

"இப்போ எப்படி இருக்கார்?"

"ஆஸ்பத்திரியில இதயத் துடிப்பெல்லாம் பார்த்து அனுப்பிட்டாங்க. உள்ளங்கையில சின்னக் காயம். ஃபேனை நீங்க வந்து பாருங்க."

மனைவி கொடுத்த தண்ணீரை நின்றபடியே குடித்தார். "வேகமாப் போங்க" என்றாள் அவள், முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

சலவைக் கடையில் ஃபேனைத் திறந்து பார்த்தார். வயர் கம்பிக்குள் நுழையும் இடத்தில் உறை தேய்ந்து, உள்ளிருந்த செம்பு இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. மூன்று முள் பிளக்குக்குள் எர்த் வயரே மாட்டியிருக்கவில்லை. வயரை மாற்றினார், எர்த்தைச் சேர்த்தார். மின்சாரம் கசிந்தால் தானே துண்டித்துக்கொள்ளும் சுவிட்ச் ஒன்றைப் பெட்டியில் பொருத்தினார். அதன் சோதனைப் பொத்தானை அழுத்தியதும் கடை முழுக்க இருண்டது. "இப்படி மாசம் ஒருதடவை அழுத்திப் பாருங்க" என்றார்.

அன்று மாலை புது வாசகம் எழுதினார். 'ஷாக் அடித்தவரைத் தொடாதீர்கள். மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். மருத்துவ உதவிக்கு அழையுங்கள். வீட்டு வயரிங்கைச் சோதிக்க மட்டும் எங்களை அழையுங்கள்.' நம்பர் எறும்பளவுக்குச் சுருங்கிப் போயிற்று. அவர் எதையும் வெட்டவில்லை.

முதல் பதில் சலவைக் கடைக்காரரிடமிருந்து வந்தது. 'எல்லாம் சரி தம்பி. மெயினை நிறுத்தின பிறகு அணைக்கலாம்னு ஒரு வரி சேருங்க. இவ இன்னும் யோசிச்சிட்டே இருக்கா.'