டீச்சர் அனுப்பிய லிங்க்

மலைமேல் சில ஊர்கள் சேர்ந்த திண்ணனூர் நாட்டில் எங்கள் பள்ளிக்கூடத்தைச் சுற்றியுள்ள வீடுகளுக்குக் கதவு எண் கிடையாது. ஆன்லைனில் என்ன வாங்கினாலும் "டீச்சர் வீட்டுக்குப் பக்கம்" என்று முகவரி போட்டு, என் போன் நம்பரையும் கொடுத்துவிடுவார்கள். வீட்டுக்குள் உட்கார்ந்து பேசுகிற அளவுக்குச் சிக்னல் எடுப்பது என் வாடகை வீட்டில் மட்டும்தான். பார்சல்காரர் என்னைக் கூப்பிடுவார். பஸ் நிற்கும் இடத்து டீக்கடையில் கொடுத்துவிட்டுப் போவார். யாருக்கு வந்திருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்வது என் பாடு.

ஆரம்பத்தில் எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. நாமக்கல்லிலிருந்து மலைக்கு வேலைக்கு வந்தவளை ஊரே நம்புகிறதே என்று. போகப் போக எரிச்சல் வந்தது. பாடம் நடத்தும்போது போன், சோற்றில் கை வைத்தால் போன். ஏழெட்டுப் பேரின் பார்சல் என் நம்பரில் சுற்றிக்கொண்டிருந்தது. எது யாருடையது என்று ஒரு கட்டத்தில் எனக்கே தெரியாமல் போனது.

எதிர்வீட்டு அக்கா மிளகு பறிக்கப் போகிறவர். புருஷன் இல்லை, பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்துவிட்டார், பேத்தி எங்கள் பள்ளியில் படிக்கிறாள். ஒரு கறவை மாடு வாங்க வேண்டும் என்று கூலிப் பணத்தை பேங்கில் போட்டுக்கொண்டே வந்தார். பேளுக்குறிச்சிச் சந்தையில் செவலை மாடு ஒன்றைப் பார்த்துப் பேசியும் வைத்திருந்தார். மாடு வரும் முன்னே அதன் கழுத்துக்கு மணி வேண்டுமாம். போனில் பார்த்த கலர்ப் பாசி கோத்த பட்டையில் கட்டிய மணிதான் வேண்டுமாம்.

"சந்தையிலயே சரம் சரமா தொங்குதேக்கா, இதுக்குப் போயி ஆர்டரா?" என்று கேலி செய்தேன்.

"அது எல்லா மாட்டுக்கும் கட்டுறதுங்க. இது என்ற மாட்டுக்கு மட்டும்" என்றார்.

நான்தான் ஆர்டர் போட்டுக் கொடுத்தேன். பொருள் கைக்கு வந்த பிறகு காசு கொடுக்கிற மாதிரி போட்டேன்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் என் போனுக்கு மெசேஜ் வந்தது. முகவரி முழுமையாக இல்லை, உங்கள் பார்சல் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது, இன்றே சரிசெய்யாவிட்டால் திருப்பி அனுப்பப்படும் என்று சொல்லி, கீழே ஒரு லிங்க். வேறு ஊர்க்காரராக இருந்தால், என் முகவரி சரியாகத்தானே இருக்கிறது என்று யோசித்திருப்பார். எங்கள் மலையில் எந்த முகவரி முழுசாக இருக்கிறது? இரண்டு பையன்கள் வகுப்பில் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒழிந்தால் சரி என்று அந்த மெசேஜை அப்படியே அக்காவுக்குத் தள்ளிவிட்டேன். கூடவே, "உங்க மணிதான்னு நெனைக்கிறேன், சீக்கிரம் முடிச்சிருங்க" என்று குரலில் பேசி அனுப்பினேன். லிங்க்கைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோதுதான் அது நினைவுக்கு வந்தது. சும்மா திறந்து பார்த்தேன். கூரியர் கம்பெனியின் சின்னம், கலர், லாரிப் படம் எல்லாம் அச்சு அசலாக இருந்தன. மேலே இருந்த இணைய முகவரியைப் படித்தேன். கம்பெனிப் பெயர் நடுவில் ஒட்டிக்கொண்டிருந்தது. முடிகிற இடத்தில் சம்பந்தமே இல்லாத வேறு ஏதோ எழுத்துகள். கம்பெனியின் சொந்த முகவரி அப்படி முடியாது. டீ டம்ளரைக் கீழே வைத்தேன்.

பார்சல் எண் கேட்கும் கட்டத்தில் வாய்க்கு வந்த எண்களை அடித்தேன். "உங்கள் பார்சல் சேலம் மையத்தில் உள்ளது, முகவரி குறைபாடு" என்றது. வேறு எண்களை அடித்தேன். அதே சேலம், அதே குறைபாடு. மேலே இருந்த "தொடர்புக்கு", "கிளைகள்" எதை அமுக்கினாலும் அசையவில்லை. தமிழும் கடித்துத் துப்பிய தமிழ். மறுபடி கொண்டுவந்து கொடுக்க இருபத்தைந்து ரூபாய் என்று சொல்லி, அதற்கு ஏடிஎம் கார்டு நம்பரும் பின்பக்கத்து மூன்று எண்ணும் கேட்டது. அட கடவுளே, கைக்கு வந்த பிறகு காசு கொடுக்கிற பொருளுக்கு முன்னாலேயே எதற்கடி பணம் என்று என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். எல்லாம் கண்ணுக்கு முன்னால் இருந்தது. மத்தியானமே ஒரு நிமிஷம் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். அக்கா வாசலில் காயப்போட்ட மிளகை அள்ளிக்கொண்டிருந்தார்.

"அக்கா, அந்த லிங்க்க தொட்டீங்களா?"

"அப்பவே முடிச்சிட்டேனுங்க டீச்சர். தண்ணி டேங்க் மேட்டுக்குப் போயி, சிக்னலு புடிச்சு, எல்லாம் போட்டுட்டேன். ஓடிபி கூட வந்துச்சு, அதையும் போட்டேன்" என்றார், பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி.

போனைப் பிடுங்கிப் பார்த்தேன். ஓடிபி வந்த மெசேஜிலேயே எவ்வளவு பணம் போகப் போகிறது என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. இருபத்தைந்து இல்லை. அக்கா அதில் ஆறு எண்ணை மட்டும் பொறுக்கி எடுத்திருக்கிறார். அதற்குக் கீழேயே பணம் போய்விட்டது என்ற மெசேஜும் இருந்தது. மாட்டுக்குச் சேர்த்தது முழுசும் போயிருந்தது.

அவரை என் வீட்டுக்கு இழுத்து வந்து, கார்டுக்குப் பின்னால் இருந்த பேங்க் நம்பருக்குப் போன் போட்டு கார்டை நிறுத்தினோம். சைபர் குற்றப் புகார் எண்ணிலும் சொன்னோம். மறுநாள் பேங்குக்குக் கூட்டிப்போனேன். ஓடிபியை நீங்களே கொடுத்திருக்கிறீர்கள், திரும்ப வருவது கஷ்டம், புகார் இருக்கட்டும், பார்ப்போம் என்றார்கள். இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. குற்றம் செய்தவளுக்குத்தான் கோபம் அதிகம் வரும் போலிருக்கிறது.

"பெற்றோர் கூட்டத்துல அத்தனை தடவை சொன்னேனேக்கா, லிங்க்க தொடாதீங்கன்னு. பேத்தியக் கூட்டிட்டு வந்து நீங்களும் முன்னால உக்காந்துதான கேட்டீங்க?"

"தெரியாத நம்பர்ல வந்தா தொடக்கூடாதுன்னீங்க" என்றார் மெதுவாக. "இது நீங்க அனுப்புனதாச்சுங்களே."

நான் சொன்னதை ஒரு எழுத்து பிசகாமல் கேட்டு நடந்தவர் அவர். அந்தத் திருட்டுப் பக்கத்துக்கு இல்லாத நம்பிக்கையை என் குரலில் பேசி ஒட்டி அனுப்பியவள் நான். ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். அக்கா என் முதுகைத் தடவி, "அழாதீங்க சாமி, போவுது" என்றார். அவர் என்னைத் திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மாட்டை நானே வாங்கித் தருகிறேன் என்றேன். "உங்க காசுல வாங்குன மாட்டுக்கு நான் எப்பிடிங்க உரிமையா புல்லு போடுவேன்?" என்று முடித்துவிட்டார். அந்தச் செவலை வேறு யாரிடமோ போய்விட்டது.

கொஞ்ச நாள் கழித்துப் பார்சல்காரர் எப்போதும் போலக் கூப்பிட்டார். முகவரிக் குறைபாடும் இல்லை, கூடுதல் காசும் இல்லை. பொருளுக்கான பணத்தை டீக்கடைக்காரர் கொடுத்து வாங்கி வைத்திருந்தார். வகுப்பில் இருந்ததால் அக்காவுக்கு மெசேஜ் அனுப்பினேன்: "மணி வந்திருக்கு. டீக்கடையில இருக்கு." அதை அடிக்கவே கை கூசியது.

கொஞ்ச நேரத்தில் வகுப்பு வாசலில் அக்கா நின்றார். மிளகுத் தோட்டத்திலிருந்து நேராக ஏறி வந்திருந்தார், தலைத்துண்டைக்கூட அவிழ்க்கவில்லை. போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"கோவிச்சுக்காதீங்க டீச்சர். இது நெசமாலுமே நீங்க அனுப்புனதுதானுங்களா?"

பிள்ளைகள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆமாக்கா" என்றேன். "நாந்தான் அனுப்புனேன்."