உள்ளங்கையில் ஊமையான போன்

கோட்டுச்சேரிப் பக்கம் ஒரு தையல் பட்டறையில் எனக்கு வேலை. பத்துப் பன்னிரண்டு பவர் மிஷின் ஒன்றாக ஓடும். பக்கத்தில் இருப்பவள் கத்தினாலும் கேட்காது. முதலாளிக்கு ரிங்டோன் ஆகாது. அதனால் போன் வைப்ரேஷனில்தான் கிடக்கும். மேசை மேல் வைத்தால் மிஷின் அதிர்வா போன் அதிர்வா என்று தெரியாது. எல்லோரும் இடுப்பில் செருகிக்கொள்வோம்.

என் போனின் அதிர்வு மட்டும் உறைக்கவே இல்லை. காரைக்காலில் போன் கடை வைத்திருக்கிற என் தம்பியிடம் கொடுத்தேன். அவன் செட்டிங்ஸில் ஒரு கோட்டைக் கடைசிவரை இழுத்தான். "டைப் பண்ணிப் பாருங்க லாத்தா" என்றான். ஒவ்வோர் எழுத்துக்கும் விரல் துள்ளியது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

என் மகன் கப்பலில் வேலை பார்க்கிறான். கரையோரம் வந்தால்தான் சிக்னல். தங்கச்சி நிக்காஹுக்கு எப்படியும் வந்துவிடுவேன், தேதியை மட்டும் சொல்லுங்கள் என்று சொல்லியிருந்தான். முந்தின நாள்தான் தேதி முடிவானது, வருகிற மாதம். அவன் கூப்பிட்டதும் என் வாயால் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன்.

அன்றைக்குப் பட்டறையில் சாப்பாட்டு நேரத்தில் போனை எடுத்தேன். அவனுடைய அழைப்பு மூன்று. கீழே ஒரு செய்தி: "உம்மா, இங்கேயே இறங்குறியா, இன்னும் ஆறு மாசம் இருக்கியா, இப்பவே சொல்லுன்னு கேப்டன் கேட்டாரு. நீங்க எடுக்கலை. தேதி முடிவாகலை போலன்னு நினைச்சு, இருக்கேன்னு கையெழுத்துப் போட்டுட்டேன்."

திருப்பிக் கூப்பிட்டேன், கூப்பிட்டேன். கப்பல் போய்விட்டது.

பக்கத்து மிஷின்காரியை என் போனுக்கு அடிக்கச் சொன்னேன். உள்ளங்கையில் அவள் பெயர் மின்னுகிறது, போன் செத்த மீன் மாதிரி கிடக்கிறது. வேலையைப் போட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

தம்பி பார்த்தான். அவன் ஏற்றி வைத்தது தொடும்போது வருகிற அதிர்வாம். அழைப்புக்கு வேறு கோடாம். அது அடியில் கிடந்தது. சார்ஜ் நிற்கட்டும் என்று வாங்கின அன்றைக்கு அவனேதான் இறக்கி வைத்தானாம். அதையும் சிரித்துக்கொண்டே சொல்கிறான். ஊருக்கெல்லாம் போன் பார்க்கிற பாவிக்கு, ஒரு தரம் கூப்பிட்டுப் பார்க்கணும் என்கிற அறிவு இல்லை! கடையில் ஆள் இருக்கிறதைக்கூடப் பார்க்காமல் கிழித்துவிட்டேன். அவன் அந்தக் கோட்டையும் கடைசிவரை இழுத்து, தன் போனிலிருந்து எனக்கு அடித்தான். கண்ணாடி மேசையே கிடுகிடுத்தது.

"இப்பப் பாருங்க லாத்தா, எப்படி அடிக்குது."

"நிறுத்துடா. தங்கச்சி நிக்காஹுக்கு அண்ணன் இல்லைன்னு அவகிட்ட நீயே வந்து சொல்லு, வா."