டிப்பருக்கு அடியில் ஒரு தார்ச்சாலை

பிரிண்ட் எடுத்த படத்தை அந்த அம்மா என் மேசைமேல் வீசிய வேகத்தில் டீ கிளாஸ் சாய்ந்து கீபோர்டெல்லாம் நனைந்தது. அதற்காக அவர் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை.

“வண்டி பறக்குது சார். நாங்க டிப்பர் கட்டுறோமா, ஹெலிகாப்டர் கட்டுறோமா?”

அவர் கேட்டது என்னை அல்ல, எனக்குப் பின்னால் நின்ற முதலாளியை. ஒரகடத்தில் லாரிகளுக்கு டிப்பர் பாடி கட்டும் கம்பெனியில் அவர் விற்பனை மேலாளர். புதிதாகக் கட்டிய வண்டியைத் தங்கள் யார்டிலேயே படமெடுக்கச் சொல்லியிருந்தார்கள். யார்டின் தரை உடைந்த கான்கிரீட். நடுவில் எண்ணெய்க் கறை, ஓரத்தில் செம்மண் சேறு, எங்கு பார்த்தாலும் வெல்டிங் சிதறல். கேட்லாக் அட்டைக்கு அந்தத் தரையை எடுத்துவிட்டு நல்ல தார்ச்சாலையாக வைத்துத் தர வேண்டும் என்பதுதான் வேலை.

வீசப்பட்ட அந்தப் படத்தை நான் செய்யவில்லை. எங்கள் ஸ்டுடியோவின் போட்டோகிராபர், ஏதோ ஒரு ஏஐ ஆப்பில் ‘ரோடு’ என்று தட்டி, வந்ததை அப்படியே அனுப்பியிருந்தார். தார் பளபளவென்று இருந்தது. ஆனால் டயருக்கு அடியில் நிழலே இல்லை. சக்கரத்துக்குப் பின்னால் தொங்கும் ரப்பர் மடலில் இருந்த கம்பெனிப் பெயர் எந்த மொழியிலும் சேராத எழுத்தாக மாறியிருந்தது. வெள்ளைக் கோடு ஒரு பக்கம் ஓட, வண்டி இன்னொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது.

“நம்ம பையன் பண்ண தப்பு மேடம். கரெக்ட் பண்ணித் தர்றேன்” என்றார் முதலாளி. ‘நம்ம பையன்’ என்று சொல்லும்போது அவர் கை என் தோள்மேல் இருந்தது.

போட்டோகிராபர் முதலாளியின் மனைவிக்குத் தம்பி. மண்ணூர்க்காரர், நாற்பதைத் தாண்டியவர். நான் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து, படப்பையில் சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பையன்களோடு ஒரே அறையில் படுத்து எழுந்து, இந்த ஸ்டுடியோவில் படத்திருத்தம் செய்துகொண்டிருந்தேன். சேர்ந்த முதல் வாரத்திலிருந்தே அவருக்கு என்னைப் பிடிக்காது. எனக்கும் அவரைப் பிடிக்காது. அவர் எடுத்த கல்யாண ஆல்பம் ஒன்றில் பாதிப் படங்கள் மங்கல் என்று நான் வாய்தவறிச் சொன்னது காரணமாக இருக்கலாம். காரணமே இல்லாமலும் இருக்கலாம்.

திரும்ப எடுக்க வழியில்லை. வண்டி ஒடிசா சுரங்கத்துக்குப் போய்விட்டது. இருக்கும் படத்தைத்தான் காப்பாற்ற வேண்டும்.

“ரோடு மட்டும் தனியா எடுக்கணும் சார்” என்றேன் முதலாளியிடம். “அதே கேமரா, அதே லென்ஸ். வண்டி எடுத்த அதே காலை வெயில். அதே உசரத்துல இருந்து எடுக்கணும்.”

“ரோடு போட்டோ நெட்லயே ஆயிரம் கீது” என்றார் போட்டோகிராபர். “இவுரு பெரிய டைரக்டரு. ஒசரம் சொல்றாரு.”

“ரெண்டு பேரும் போங்கடா. ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாக்காம போங்க. படம் மட்டும் வரணும்” என்றார் முதலாளி.

மறுநாள் காலை போட்டோகிராபரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் வேண்டுமென்றே தூக்கிப் போட்டார். மண்ணூருக்கு அப்பால் இன்னும் திறக்காத ஒரு தொழிற்சாலைக்குப் போட்ட சாலை இருந்தது. நல்ல தார், ஆள் நடமாட்டம் இல்லை. பைக்கை நிறுத்தி அதன் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்தேன். வண்டிப் படத்தில் நிழல் வலப்பக்கமாக, கொஞ்சம் நம்மை நோக்கி விழுந்திருந்தது. சாலையின் மறுமுனைக்கு நடந்துபோய்த் திரும்பி நின்றால்தான் இங்கேயும் அப்படி விழுந்தது.

“இங்க இருந்து எடுங்கண்ணே. ஒரு முட்டி போட்டு உக்காந்து எடுங்க.”

“முட்டியா? நின்னுக்கினுதான்டா வண்டிய எடுத்தேன். நின்னுதான் இதையும் எடுப்பேன்.”

“நின்னு எடுத்த படம் இல்லண்ணே அது.”

“நீயா இருந்த அங்க?”

போனில் வண்டிப் படத்தைக் காட்டினேன். பாடியின் மேல்விளிம்பில் ஒரு கோடு, சக்கரங்களின் அச்சை இணைத்து ஒரு கோடு, கான்கிரீட் பாளங்களின் இடைவெளியில் ஒரு கோடு என்று முந்தின நாளே இழுத்து வைத்திருந்தேன். மூன்றும் தூரத்தில் ஒரே புள்ளியில் போய்ச் சேர்ந்தன. அந்தப் புள்ளியின் உயரத்தில் போட்ட கிடைக்கோடு முன்சக்கரத்தின் மேல்விளிம்பை உரசிக்கொண்டு போனது. படமெடுத்த கண் எந்த உயரத்தில் இருந்ததோ, அங்கேதான் தொடுவானம் விழும். நின்று எடுத்திருந்தால் அது கேபின் கதவு வரைக்கும் ஏறியிருக்கும். டயர் உயரம் என்றால் எடுத்தவர் முட்டி போட்டிருக்க வேண்டும்.

அவர் படத்தைப் பார்க்கவேயில்லை. “எனக்கே போட்டோ சொல்லித் தர்றியா? சோத்துக்கு வழியில்லாம இங்க வந்து உக்காந்துக்கினு...” என்று ஆரம்பித்தவர் என் ஊர், என் அம்மா என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. நானும் திருப்பிச் சொன்னேன். சத்தம் கேட்டுத் தொழிற்சாலை செக்யூரிட்டி லத்தியோடு வந்தார். “இன்னாய்யா இங்க போட்டோ? பர்மிஷன் கீதா? கெளம்பு கெளம்பு” என்று அவர் பங்குக்குக் கத்தினார். அவரிடம் போட்டோகிராபர் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது, பைக்மேல் கிடந்த கேமராவை எடுத்து நானே முட்டி போட்டு எடுத்தேன். தார் அதற்குள் சுட ஆரம்பித்திருந்தது. திரும்பும்போது அவர் என்னை ஏற்றிக்கொள்ளவில்லை. ஷேர் ஆட்டோ கிடைக்கும் இடம்வரை நடந்தேன்.

அன்று முழுக்க அந்தப் படத்தில் வேலை பார்த்தேன். உயரம் சரியாக இருந்ததால் சாலை வண்டியின் அடியில் போய்ச் சட்டென்று உட்கார்ந்தது. வெள்ளைக் கோட்டை மட்டும் கொஞ்சம் திருப்பி, வண்டியின் கோடுகள் சேரும் அதே புள்ளிக்கு ஓடும்படி வைத்தேன். ஜல்லியின் சொரசொரப்பு கிட்டத்தில் பெரிதாகவும், தூரம் போகப் போகப் பொடிந்து மழுங்கியும் தானாகவே வந்தது. சிறு துண்டுத் தாரை நகல் எடுத்து ஒட்டியிருந்தால் கிட்டத்திலும் தூரத்திலும் ஒரே ஜல்லியாக, சுவரில் ஒட்டிய காகிதம் மாதிரி நின்றிருக்கும்.

நிழல்தான் படுத்தியது. பழைய நிழலை அப்படியே தூக்கிப் புதுத் தரையில் வைத்தால் கான்கிரீட் விரிசலும் எண்ணெய்க் கறையும் கூடவே வந்தன. அதன் விளிம்பை மட்டும் அளவாக வைத்துக்கொண்டு உள்ளே புதிதாக நிரப்பினேன். டயர் தரையைத் தொடும் இடத்தில் கன்னங்கரேல் என்று ஒரு மெல்லிய கீற்று, அங்கிருந்து விலக விலகக் கொஞ்சம் வெளுப்பு, விளிம்பிலும் கொஞ்சம் கொஞ்சமாக மங்கல். நிழலுக்குள்ளும் ஜல்லி தெரிய வேண்டும். அந்தக் கீற்றைப் போட்டதும் இத்தனை டன் இரும்பும் சாலையில் இறங்கியது. சேற்றிலிருந்து எழும்பி வண்டியின் அடிவயிற்றில் படிந்திருந்த செம்மண் நிறத்தையும் குறைத்தேன். தார்மேல் நிற்கும் வண்டிக்கு அடியில் சிவப்பு அடிக்காது.

கடைசியாக டீசல் டேங்க். அலுமினியம், நன்றாகத் தேய்த்துப் பளபளவென்று இருந்தது. அதன் வளைவில் பழைய யார்டு இன்னும் தெரிந்துகொண்டிருந்தது. அதையும் தாராக்க வேண்டும் என்று பெரிதாக்கிப் பார்த்தேன். கான்கிரீட்டின் நடுவில் ஒரு ஆள் ஒற்றை முட்டி போட்டு, முகத்தில் கேமரா வைத்திருந்தார். நீல யூனிபார்ம், மஞ்சள் ஹெல்மெட். எங்கள் போட்டோகிராபர் தொப்பைக்குமேல் கட்டம்போட்ட சட்டைதான் போடுவார். ஹெல்மெட்டைப் பைக்கிலேயே போடமாட்டார்.

அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“யாருண்ணே இது?”

முகம் வெளுத்தது. குரல் மட்டும் இறங்கவில்லை. “யாரா இருந்தா உனுக்கு இன்னா? அத்த அழி.”

முதலாளி வந்து எட்டிப் பார்த்தார். பார்த்ததும் புரிந்துகொண்டார், ஆனால் மச்சானிடம் ஒன்றும் கேட்கவில்லை. என்னிடம், “தரைய மாத்துறல்ல? அந்தாளையும் சேர்த்து மாத்து” என்றார்.

அந்த ஆளை மட்டும் நான் மாற்றவில்லை. டேங்கின் வளைவுக்குத் தகுந்தபடி சாலையை வளைத்து வைத்தேன். நீல யூனிபார்ம்காரரை விட்டுவைத்து, அவர் முட்டிக்கு அடியிலும் தார் போட்டு, நிழல் கொடுத்தேன். படமெடுத்தவர் பளபளப்பில் தெரிவது உலக வழக்கம், அதைக் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். உண்மையில் நான் நினைத்தது வேறு. அந்த அம்மா பார்க்க வேண்டும் என்று நினைத்தேன்.

அவர் பார்த்தார். முதலில் டயர், பிறகு மடலில் இருந்த பெயர், பிறகு நிழல். “இப்பதான் வண்டி தரையில நிக்குது” என்றார், பாராட்டாக இல்லாமல். மவுஸை என் கையிலிருந்து பிடுங்கி ஒவ்வொரு மூலையாகப் பெரிதாக்கிக்கொண்டே போய் டேங்கில் நின்றார்.

“இது எங்க யூனிபார்ம். இவர் எங்க யார்டு ஸ்டோர்ஸ்ல இருக்கறவர். இவர் கையில ஏன் கேமரா?”

மவுஸை விட்டுவிட்டு முதலாளியைப் பார்த்தார்.

“சார், உங்க மச்சான் வந்து எடுத்தார்னுதானே சொன்னீங்க?”

“வந்தேன் மேடம்” என்றார் போட்டோகிராபர். “ஒரு அஞ்சு நிமிசம்... பக்கத்துல ஒரு வேலை...”

பக்கத்து வேலை என்பது அதே சாலையில் அந்த அம்மாவின் கம்பெனிக்குப் போட்டியாக டிப்பர் கட்டும் இன்னொரு கம்பெனி. அந்த அம்மா நின்ற இடத்திலேயே ஸ்டோர்ஸ்காரரைப் போனில் கூப்பிட்டார், ஸ்பீக்கரில் போட்டார். “ஆமா மேடம், நீயே ரெண்டு அமுக்கு அமுக்குனு கேமராவக் குடுத்துட்டுப் போனாரு, கீழ உக்காந்து எடுத்தா வண்டி பெருசா தெரியும்னு நான்தான் முட்டி போட்டு எடுத்தேன்” என்று அவர் வெகுளியாகச் சொன்னார். எங்கள் அறையில் எல்லாரும் கேட்டோம்.

அந்த அம்மா படத்தை வாங்கிக்கொண்டார். “அடுத்த கேட்லாக் இங்க கிடையாது” என்று சொல்லிவிட்டுப் போனார். கண்ணாடிக் கதவு அறைந்து சாத்திக்கொண்டது.

முதலாளி மச்சானைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

“அழின்னு சொன்னேனா இல்லையா?”

“சொன்னீங்க சார்.”

“ஏன் அழிக்கல?”

“எடுத்தவரு அவருதான சார்.”

“அவன் என் பொண்டாட்டிகூடப் பொறந்தவன். அவன் தப்பு பண்ணுவான், நான் பாத்துக்குவேன். நீ யார்ரா?”

பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். போட்டோகிராபர் வாசலில் சிகரெட்டோடு நின்றிருந்தார். வழிவிடவில்லை. தோளால் இடித்துக்கொண்டுதான் வெளியே வந்தேன். அவர் கை ஓங்கியதும், டீக்கடையில் நின்றவர்கள் திரும்பியதும், அவர் இறக்கியதும் ஒரே மூச்சில் நடந்தன.

இப்போது ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பிரிண்டிங் பிரஸ்ஸில் இருக்கிறேன். வேலை கேட்டுப் போனபோது அந்தக் கேட்லாக் அட்டையைத்தான் காட்டினேன். அதைப் பார்த்த பிரஸ்காரப் பெரியவர் “ரோடு எந்த ஊரு?” என்று கேட்டார். மண்ணூர் என்றேன். “வண்டி?” என்றார். ஒரகடம் என்றேன். டயர் தரையைத் தொடும் இடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு நாளைக்கு வேலைக்கு வா என்றார்.