பால் குடிக்கும்போதே ஊசி

ஊசிக்காகக் குழந்தையை மேசையில் கிடத்திக் கைகால்களை அமுக்கிப் பிடித்தால் பிரிசில்லாவுக்குக் கோபம் வந்துவிடும். தேவனாம்பட்டினத்தின் கிராம சுகாதார செவிலியர் அவர். "ஆயறதுக்குப் போட்ட மீனா அது? அம்மா மடிக்குக் குடுங்க" என்று கத்துவார்.

அந்தப் புதன்கிழமை ஒன்றரை மாதக் குழந்தையை அதன் அத்தை மலர்க்கொடி தூக்கி வந்திருந்தாள்.

"அம்மா எங்க?"

"எங்க தம்பி கடல்ல போயிட்டான்ல சிஸ்டர், இன்னும் காரியம் முடியல. அவ வாசல் தாண்டக்கூடாது."

பிரிசில்லா தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு அந்த வீட்டுக்கே நடந்தார்.

மூலையில் சுருண்டு கிடந்த குழந்தையின் தாய் இளமதியை எழுப்பி உட்காரவைத்தார். சொட்டு மருந்தை முதலில் கொடுத்துவிட்டு, குழந்தையை மார்போடு அணைத்துப் பால் கொடுக்கச் சொன்னார்.

"புரையேறிடும் சிஸ்டர்!" என்று பதறினாள் மலர்க்கொடி.

"ஏறாது. நீங்க சும்மா இருங்க."

குழந்தை நன்றாகக் குடிக்கத் தொடங்கும்வரை காத்திருந்து, தொடையில் ஊசி போட்டார். பாலை விட்டு ஒருமுறை வீறிட்ட குழந்தை, தாயின் கை முதுகைத் தடவியதும் மறுபடி மார்பைப் பற்றிக்கொண்டது.

"இவ்ளோதான் அழுவானா? மருந்து உள்ள போச்சா?" என்றாள் மலர்க்கொடி.

"போச்சு. இந்த ஊட்ல அழறதுக்கு வேற ஆளா இல்ல?"